'போன் ஹேங் ஆகுது'ன்னு மட்டும் சொல்லாதீங்க!

சர்வீஸ் கடையில் 'ஹேங் ஆகுதுண்ணே' என்று மட்டும் சொன்னால், பல நேரம் ரீசெட் போட்டுத் தந்துவிடுவார்கள். பேக்கப் எடுக்காத போட்டோக்கள் போயிடும். பிரச்னை அப்படியே இருக்கும். ஏன்னா, நாம 'ஹேங்'னு சொல்றது நாலு வெவ்வேறு விஷயங்களை!

ஒரு ஆப் மட்டும் அசையாமல் நின்று, ஹோமுக்குப் போனால் மற்றதெல்லாம் ஓடினால், அது ஹேங். ஆப் தானாக மூடிக்கொண்டால் கிராஷ். டச், பட்டன் எதற்கும் அசையாமல் மொத்த ஸ்கிரீனும் உறைந்தால் ஃப்ரீஸ். போனே அணைந்து, கம்பெனி லோகோ வந்தால் ரீபூட்.

உங்க பழைய போன், கேமராவைத் திறந்ததும் ரீபூட் ஆகுதுன்னு வைங்க. கடையில் இப்படிச் சொல்லுங்கள்: "மூணு நாளா, சார்ஜ் 30 சதவிகிதத்துக்குக் கீழ போனா, கேமரா திறந்ததும் லோகோ வருதுண்ணே. சார்ஜர்ல இருந்தா வரலை."

இதைக் கேட்டால் டெக்னீஷியன் முதலில் பேட்டரியைத்தான் சோதிப்பார். தேய்ந்த பேட்டரியால், கேமரா சட்டென்று இழுக்கும் கரன்ட்டைத் தாங்க முடியாது. வோல்டேஜ் இறங்கி போன் அணைந்துவிடும். அதை எந்த ரீசெட்டும் சரிசெய்யாது. அதனால், எப்போ, எந்த ஆப்பில், எவ்வளவு சார்ஜில் என்று குறித்துக்கொண்டு கடைக்குப் போங்க.