படுக்கையும் சோதனைச்சாலையும்

குழந்தை மருத்துவத்தில் எம்.டி. பட்டமும், ஆராய்ச்சிக்குரிய பிஎச்.டி. பட்டமும் இணைந்த படிப்பு ஒன்றுக்கு அண்மையில் விண்ணப்பம் எழுதினேன். "இவ்விரண்டும் சேர்ந்து உமக்கு எதற்காக வேண்டும்?" என்று அதில் ஒரு கேள்வி, விடைக்கு விட்டிருந்த இடமோ உள்ளங்கை அகலம். ஊரிலிருந்து தொலைபேசியில் அப்பாவும் அதையேதான் கேட்டார்: "டாக்டரான பிறகு மறுபடியும் எலியை வைத்துக்கொண்டு என்னம்மா படிப்பு?" உள்ளங்கைக்குள் அடங்காததை நம் சங்க இதழில் விரித்து எழுதுகிறேன். மருத்துவம் பயிலாத நண்பர்களும் படிப்பார்கள் ஆகையால், ஒரே ஒரு நோயை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதுவும் நாம் வாழும் இந்தக் கல்கத்தா நகரோடு நெருங்கிய தொடர்புடைய நோய்.

முதலில் என் தவறு. பயிற்சி டாக்டராக இருந்தபோது ஒரு மழைக்கால மாலையில், வயிற்றுப்போக்கோடு வந்த ஒரு வயதுக் குழந்தையைப் பார்த்தேன். எடை எட்டுக் கிலோ. உடலில் நீர் சற்றே குறைந்திருந்தது. ஆபத்தான நிலை அன்று. ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் சில கொடுத்து, "தண்ணீரில் கரைத்து அடிக்கடி கொடுங்கள்" என்று எனக்குத் தெரிந்த வங்காளியில் தாயிடம் சொல்லி அனுப்பினேன். வெளியே வரிசை நீண்டு நின்றது. அடுத்த நாள் இரவு அக்குழந்தை வலிப்போடு திரும்பி வந்தது. தோலைத் தொட்டால் பிசைந்த மாவைப் போல இருந்தது. தண்ணீரைக் காட்டினால் வெறி பிடித்தாற்போலக் குடிக்கப் பாய்ந்தது. இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 168 மில்லிமோல். 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது அது.

அந்தத் தாய் மிச்சக் கரைசலைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். சோதனைச்சாலையில் இருந்தவர் அதையும் அளந்து பார்க்க இசைந்தார். இரத்தத்துக்கென அமைந்த கருவி, "என் எல்லைக்கு அப்பாற்பட்டது" என்று அடையாளம் காட்டி நின்றுவிட்டது. தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்து மீண்டும் அளந்து, பெருக்கிப் பார்த்தோம்: ஏறத்தாழ 370. அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டிய பொட்டலம், ஒரே ஒரு தம்ளர் நீரில் கரைக்கப்பட்டிருந்தது.

கணக்கு எளிது. இன்றைய பொட்டலத்தில் சாதாரண உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம் உள்ளன. ஒரு லிட்டரில் கரைத்தால் சோடியம் 75 மில்லிமோல். கரைந்துள்ள துகள்கள் எல்லாம் சேர்த்து 245. அதாவது இரத்தத்தைவிடச் சற்று நீர்த்த கரைசல். அதனால் நீர் குடலிலிருந்து இரத்தத்துக்குள் எளிதில் செல்லும். 200 மில்லி தம்ளரில் கரைத்தாலோ எல்லாம் ஐந்து மடங்கு: சோடியம் 375, மொத்தம் 1225. இரத்தத்தில் மொத்தம் 300க்கும் குறைவு. ஆகவே நீர் எதிர்த்திசையில் ஓடும். இரத்தத்திலிருந்து குடலுக்கு இழுக்கப்படும். போக்கு அதிகமாகும், உப்போ உடலில் ஏறும். மருந்தே நோயை வளர்த்தது.

ஏறிய சோடியத்தை உடனே இறக்கிவிடவும் கூடாது. மூளையின் அணுக்கள் உப்பு மிகுந்த சூழலுக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொண்டிருக்கும். சட்டென்று இரத்தத்தை நீர்க்கச் செய்தால் அவை நீரை உறிஞ்சி வீங்கும், மீண்டும் வலிப்பு வரும். ஒரு நாளைக்கு 10 அல்லது 12க்கு மேல் இறங்காதபடி, சில மணி நேரத்துக்கு ஒரு முறை இரத்தத்தை அளந்து அளந்து, இரண்டு நாட்களுக்கு மேலாக மெல்ல இறக்கினோம். குழந்தை பிழைத்தது.

"ஏனம்மா, இவ்வளவு கெட்டியாகக் கரைத்தீர்கள்?" என்று மறுநாள் கேட்டேன். "நீங்கள் கொடுத்ததைக் குடித்தும் பேதி நிற்கவில்லையே, டாக்டர் திதி! கெட்டியாக இருந்தால் சீக்கிரம் நிற்கும் என்று நினைத்தேன்" என்றாள். அவள் பார்த்தது உண்மை. ஓ.ஆர்.எஸ். உயிரைக் காக்கும்; போக்கை நிறுத்தாது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. என்ன பாத்திரம் இருக்கிறது என்றும் கேட்கவில்லை.

இனி இந்தப் பொட்டலம் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். என் விடை அதற்குள்தான் இருக்கிறது. காலரா கண்ட ஒருவர் கடுமையான நிலையில் மணிக்கு ஒரு லிட்டர் நீரைக்கூட இழந்துவிடுவார். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். குடலின் உட்தோலே உரிந்து போகிறது, ஆகவே வாய்வழி கொடுக்கும் நீர் வீண் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. நரம்பு வழி நீர் ஏற்றுவது ஒன்றே வழி. அதற்கு ஊசியும் புட்டியும் பழகிய கையும் வேண்டும். காலரா பரவும் கிராமத்தில் இவை மூன்றும் இருப்பதில்லை.

1953இல் இந்நகரின் டாக்டர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, 186 காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழி கொடுத்துத் தேற்றியதாக லண்டனின் 'லான்செட்' இதழில் எழுதினார். லிட்டருக்கு உப்பு 4 கிராம், குளுக்கோஸ் 25 கிராம். இன்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. ஏறக்குறையச் சரியான பாதையிலேயே போயிருக்கிறார்! ஆனால் உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. எவ்வளவு நீர் உள்ளே சென்றது, எவ்வளவு வெளியேறியது என்ற அளவுக் கணக்கு அதில் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு பிரிவும் இல்லை. குளுக்கோஸ் ஏன் வேண்டும் என்ற காரணமும் தெரிந்திருக்கவில்லை. படுக்கையருகே கண்ட உண்மை, தனக்குத் துணை நிற்கும் சோதனையின்றித் தனித்து நின்றது.

அதே ஆண்டுகளில், அதே நகரில், நோய்க்குறியியல் ஆசிரியர் சம்புநாத் டே முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இருபுறமும் நூலால் கட்டி, அதற்குள் காலராக் கிருமிகளைச் செலுத்திப் பார்த்தார். மறுநாள் அத்துண்டு நீரால் புடைத்திருந்தது. 1959இல் இன்னும் ஓர் அடி முன்னே சென்றார். கிருமிகளை வடிகட்டி நீக்கிய வெறும் திரவமும் அதே வேலையைச் செய்தது. ஆக, குற்றவாளி கிருமி வெளியிடும் நஞ்சு. 1960இல் பாங்காக்கில் நோயாளிகளின் சிறுகுடலிலிருந்து எடுத்த துணுக்குகள், உட்தோல் உரியவில்லை என்பதையும் காட்டின. அதே 1960இல் பிராகு நகரக் கூட்டம் ஒன்றில் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலார், குளுக்கோஸும் சோடியமும் குடலின் அணுவுக்குள் ஒரே வாயிலில் சேர்ந்தே நுழைகின்றன என்று படம் வரைந்து காட்டினார்.

இவற்றைச் சேர்த்து வைத்தால் படம் முழுமையாகிறது. காலரா நஞ்சு குடல் அணுக்களைக் குளோரைடையும் அதன்பின் நீரையும் கொட்ட வைக்கிறது. உப்பை மட்டும் உறிஞ்சும் வழியையும் அடைக்கிறது. குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து நுழையும் வாயிலை அது தொடுவதே இல்லை. உப்பு நீர் தனியே பயன்படாது. சர்க்கரை சேர்த்தால் உப்பு உள்ளே போகும், அதன்பின் நீரும் போகும்.

ஆயினும், அதை நோயாளியிடம் திருத்தமாக மெய்ப்பிக்க 1968 வரை ஆயிற்று. டாக்காவில் டேவிட் நேலின், ரிச்சர்டு காஷ் என்னும் இளம் டாக்டர்கள் இருவர், நடுவில் துளையிட்ட கான்வாஸ் கட்டிலின் அடியில் வாளி வைத்து, வெளியேறிய நீரை மணிக்கணக்கில் அளந்து, அதே அளவை வாய்வழி ஈடுகட்டினார்கள். நரம்பு வழி நீரின் தேவை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அந்தக் கட்டில் ஒரே நேரத்தில் நோய்ப்படுக்கையும் சோதனை மேசையுமாக இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1971இல் வங்கதேசப் போரின்போது பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பு வழி நீர் தீர்ந்துவிட்டது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் லிட்டருக்குக் குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் என்று கலந்து, பைகளில் அடைத்து, உறவினர்களையே கொடுக்கச் சொன்னார். இறந்தவர் நூற்றுக்கு 30 பேர் வரை இருந்த நிலை மாறி, அவருடைய பராமரிப்பில் 3.6 ஆயிற்று.

"முயலை ஒருவர் பார்க்கட்டும், நோயாளியை இன்னொருவர் பார்க்கட்டும், ஒருவரே ஏன் இரண்டையும் சுமக்க வேண்டும்?" என்று நண்பர்கள் கேட்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது, நடக்கவும் வேண்டும். கிரேன் காலராவைத் தேடிப் போனவர் அல்லர். டே முயலோடு நின்றதனால் அவர் பெருமை குறையவுமில்லை. ஆனால் விடை இருந்த இடத்துக்கும் கேள்வி இருந்த இடத்துக்கும் நடுவே எட்டு ஆண்டுகள் கழிந்தன. இரண்டு மொழியும் அறிந்தவர் சிலராவது நடுவில் நின்றால் அந்த இடைவெளி சுருங்கும் என்பதே என் எண்ணம். இதற்குச் செலவும் உண்டு. ஆராய்ச்சி ஆண்டுகளில் ஊசி போடும் கை பழக்கம் மறக்கும். தோழிகள் சம்பாதிக்கத் தொடங்கிய பின்னும் நான் விடுதிச் சாப்பாடு சாப்பிடுவேன். அப்பாவின் கவலை நியாயமற்றது என்று சொல்லமாட்டேன்.

ஆனால் அந்தத் தாய் கேட்ட கேள்வி இன்னும் முழுதாகத் தீரவில்லை. பேதி ஏன் நிற்கவில்லை? வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் அவர் குழுவினரும் இதை வேறு திசையிலிருந்து அணுகினார்கள். சிறுகுடலில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்குள்ள கிருமிகள் அதைப் புளிக்க வைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக்கும். அவை பெருங்குடல் சோடியத்தை உறிஞ்சத் தூண்டும். இது குடலின் உடலியல். காலரா கண்ட 48 பேரிடம் நடத்திய சோதனையில், லிட்டருக்கு 50 கிராம் அந்த மாவைச் சேர்த்துக் கொடுத்த பிரிவினருக்குப் போக்கும் குறைந்தது, சீக்கிரம் நிற்கவும் செய்தது. 2000இல் அது வெளிவந்தது. எனினும் நாம் வாங்கும் சாதாரணப் பொட்டலத்தில் அந்த மாவு இன்றும் இல்லை. பச்சிளம் குழந்தையின் பெருங்குடலில் அதைப் புளிக்க வைக்கும் கிருமிகள் எந்த வயதில் போதிய அளவு குடியேறுகின்றன, பேதியின்போது அவற்றில் எத்தனை தங்குகின்றன என்பவையே நான் சோதனைச்சாலையில் பார்க்க விரும்புபவை. குழந்தைகளை வார்டில் பார்க்காமல் இக்கேள்வியை என்னால் கேட்டிருக்க முடியாது. சோதனைச்சாலைக்குள் போகாமல் இதற்கு விடை காணவும் முடியாது.

இதையெல்லாம் தனித்தாளில் எழுதி விண்ணப்பத்தோடு இணைத்திருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை. இதற்கிடையே வார்டில் பொட்டலம் கொடுக்கும்போதெல்லாம், வீட்டில் தண்ணீர் பிடிக்கும் பாத்திரத்தை மறுமுறை வரும்போது எடுத்துவரச் சொல்கிறேன். ஒரு லிட்டர் புட்டியால் அதில் நீர் ஊற்றி, மட்டம் நின்ற இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறிக் கொடுக்கிறேன்.