பன்னிரண்டு ஆர்டரில் இரண்டு கேன்சல்

மணப்பாறை முறுக்கை இணையத்தில் விற்கும் சிறிய கடை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்குச் சராசரியாக 12 ஆர்டர். அவற்றில் நூற்றுக்கு ஐந்து கேன்சல் ஆகும். இது பல மாதக் கணக்கில் தெரிந்த விஷயம். ஒரு நாளின் கேன்சல் 10 சதவீதத்தைத் தாண்டினால் உரிமையாளரின் போனுக்கு அலர்ட் வரும்படி ஏற்பாடு. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. வழக்கத்தைப் போல் இரண்டு மடங்கு ஆனால்தானே மணி அடிக்கப்போகிறது?

ஆனால் 12 ஆர்டரில் 10 சதவீதம் என்பது எத்தனை கேன்சல்? ஒன்று என்றால் 8.3 சதவீதம், அலர்ட் வராது. இரண்டு என்றால் 16.7 சதவீதம், வந்துவிடும். நடுவில் எதுவுமே கிடையாது. வழக்கத்துக்கும் ஆபத்துக்கும் இடையே நிற்பது ஒரே ஒரு வாடிக்கையாளரின் மனமாற்றம்தான். ஐந்து சதவீத வழக்கம் அப்படியே நீடித்தாலும், 12 ஆர்டரில் இரண்டோ அதற்கு மேலோ கேன்சல் விழும் வாய்ப்பு ஏறக்குறைய 12 சதவீதம். மாதத்தில் மூன்று நான்கு நாள் காரணமே இல்லாமல் போன் அலறும். உரிமையாளர் கூரியர்காரரைத் திட்டுவார், பேக்கிங் ஆளைக் கேள்வி கேட்பார். மறுநாள் கேன்சல் பூஜ்யமாக இருக்கும், திட்டியது பலித்தது என்று நினைத்துக்கொள்வார். மூன்றாவது மாதம் அலர்ட்டைப் பார்க்காமலே தள்ளிவிடப் பழகியிருப்பார். என் கணக்கில் பெரிய நஷ்டம் இதுதான்.

சிறிய எண்ணிக்கையின் இந்த விளையாட்டு கடைக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் சிறுநீரகப் புற்றுநோய் விகிதம் மிகக் குறைவான மாவட்டங்களைப் பார்த்தால் பெரும்பாலும் மக்கள்தொகை குறைந்த கிராமப்புறங்களாக இருக்கும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு என்று காரணம் சொல்லத் தோன்றும். விகிதம் மிக அதிகமான மாவட்டங்களைப் பார்த்தாலும் அவையும் மக்கள்தொகை குறைந்த கிராமப்புறங்களே! புள்ளியியலாளர் ஹோவர்ட் வெய்னர் 2007-ல் எழுதிய கட்டுரையில் இதை எடுத்துக்காட்டினார். ஆள் குறைவான ஊரில் ஒரே ஒரு நோயாளி கூடினாலும் விகிதம் உச்சிக்குப் போகும், யாருக்கும் நோய் வராவிட்டால் அடிமட்டத்துக்கு இறங்கும்.

கடைக்கு வருவோம். பலரும் முதலில் கையிலெடுப்பது ஏழு நாள் சராசரி. வழி நல்லதுதான், ஆனால் செய்கிற விதத்தில் ஒரு பொறி உண்டு. திங்களன்று 2 ஆர்டரில் 1 கேன்சல்: 50 சதவீதம். ஞாயிறன்று 40 ஆர்டரில் 2 கேன்சல்: 5 சதவீதம். இரண்டு சதவீதங்களையும் கூட்டிப் பாதியாக்கினால் 27.5 வரும். உண்மையில் நடந்ததோ 42 ஆர்டரில் 3 கேன்சல், அதாவது 7.1 சதவீதம். சதவீதங்களைச் சராசரி எடுத்தால் இரண்டே ஆர்டர் வந்த மந்தமான நாளுக்கும் நாற்பது வந்த நாளுக்கும் ஒரே மரியாதை கிடைத்துவிடுகிறது. கேன்சல்களைத் தனியாகக் கூட்டு, ஆர்டர்களைத் தனியாகக் கூட்டு, கடைசியில் வகு. விரிதாளில் B பத்தியில் ஆர்டரும் C பத்தியில் கேன்சலும் இருந்தால்:

```
=SUM(C2:C8)/SUM(B2:B8)
```

இப்படிச் செய்தால் வாரத்துக்கு 84 ஆர்டர் கையில் இருக்கும். 10 சதவீதத்தைத் தாண்ட 9 கேன்சல் வேண்டும். வழக்கம் மாறாதபோது அது நடக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். ஆனால் இதிலும் ஒரு சங்கடம் உண்டு. ஒரு மோசமான நாள் ஏழு நாளும் கணக்கில் உட்கார்ந்திருந்து, எட்டாம் நாள் சட்டென்று வெளியேறும். அன்று கோடு கீழே இறங்குவதைப் பார்த்து ‘நிலைமை சீராகிவிட்டது’ என்பார்கள். அன்றைக்குப் புதிதாக எதுவும் நடந்திருக்காது.

ஒரு நாள் கணக்கையே வைத்துக்கொண்டு அதன் துள்ளலை அடக்க வேறு வழி இருக்கிறது. ஒவ்வொரு நாளும் உண்மையான ஆர்டர்களோடு 60 கற்பனை ஆர்டர்களையும், அவற்றில் வழக்கப்படி கேன்சல் ஆகக்கூடிய 3 கற்பனை கேன்சல்களையும் சேர்த்துவிடுவது:

```
=(C2+3)/(B2+60)
```

முதல் தடவை கேட்பவர்களுக்கு இது கள்ளக்கணக்கு மாதிரி தோன்றும். ஆனால் இதில் சொல்லப்படுவது நியாயமான விஷயம்: பல மாத அனுபவத்தையும் இன்றைய 12 ஆர்டரையும் தராசில் வைக்கிறோம், எடை கூடிய பக்கம் சாய்கிறோம். இரண்டு கேன்சல் விழுந்த நாள் இப்போது 5/72, அதாவது 6.9 சதவீதம். மூன்று விழுந்தால் 8.3. தீபாவளிச் சமயத்தில் 300 ஆர்டர் வந்து 30 கேன்சல் ஆனால் 33/360, அதாவது 9.2, உண்மையான 10-க்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. சான்று கூடக்கூட கற்பனை ஆர்டர்களின் பிடி தானாகத் தளர்கிறது.

பழைய 10 சதவீத எல்லையை இங்கே அப்படியே வைத்துக்கொண்டால் காரியம் கெட்டுவிடும். 12 ஆர்டரில் 5 கேன்சல் ஆனால்தான் அலர்ட் வரும். கூரியர் நிஜமாகவே சொதப்பி கேன்சல் 20 சதவீதமாக ஏறினாலும் பெரும்பாலான நாட்களில் மணி வாய் திறக்காது. மென்மையாக்கிய எண்ணுக்கு எல்லையையும் இறக்கியாக வேண்டும். 7 சதவீதம் என்று வைத்தால் மூன்று கேன்சலில் மணி அடிக்கும். எதுவும் மாறாத காலத்தில் அது ஏறக்குறைய 50 நாளுக்கு ஒரு தடவை. கேன்சல் உண்மையில் 20 சதவீதம் ஆகிவிட்டால், ஒவ்வொரு நாளும் பிடிபடும் வாய்ப்பு 44 சதவீதம். இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். பழைய முரட்டு விதி அதை முதல் நாளே 72.5 சதவீத வாய்ப்போடு பிடித்திருக்கும் என்பதும் உண்மை. அமைதிக்கு நாம் கொடுக்கும் விலை ஓரிரு நாள் தாமதம். முறுக்குக் கடைக்கு அது கட்டுப்படியாகும் என்பேன்.

தாமதமே கூடாத கோளாறுகளும் உண்டு. பணம் செலுத்தும் பக்கம் திறக்காமல் போவது போல. அதற்கு விகிதத்தை நம்பாமல் தனி விதி வைப்பது மேல்: அடுத்தடுத்து வந்த 5 ஆர்டரும் கேன்சல் என்றால் உடனே அலர்ட். வழக்கமான நிலையில் குறிப்பிட்ட ஐந்து ஆர்டருக்கு அப்படி நேர 32 லட்சத்தில் ஒரு வாய்ப்பு.

அந்த 60 எங்கிருந்து வந்தது? எத்தனை ஆர்டர் சேர்ந்தால் பழைய அனுபவத்துக்குச் சமமாக இன்றைய கணக்கை நம்புவீர்கள் என்பதற்கான விடை அது. தெரியாவிட்டால் கடந்த மூன்று மாதக் கணக்கை எடுத்து 30, 60, 100 என்று மாற்றிப் போட்டு, எதில் எத்தனை மணி அடித்திருக்கும், அவற்றில் எத்தனைக்கு நிஜக் காரணம் இருந்தது என்று பார்த்தால் போதும். 5 சதவீத வழக்கத்தை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். ஆனால் கூரியர் சொதப்பிய வாரங்களையும் சேர்த்துப் புதுப்பித்தால் சொதப்பலே வழக்கமாகிவிடும், பிறகு மணி அடிக்காது.

எந்தச் சூத்திரமும் தீர்க்காத இரண்டு விஷயம் பாக்கி. ஒரே வாடிக்கையாளர் தவறுதலாக மூன்று தடவை ஆர்டர் போட்டு மூன்றையும் கேன்சல் செய்தால், மேலே சொன்ன வாய்ப்புக் கணக்கெல்லாம் பொருந்தாது. நடந்தது ஒரே சம்பவம். ஆர்டரை எண்ணாமல் ஆளை எண்ணினால் இது அடங்கும். இன்னொன்று நேரம். இன்று மாலை வந்த ஆர்டர் நாளைக்குக்கூடக் கேன்சல் ஆகலாம். அதனால் இன்றைய சதவீதம் எப்போதும் அழகாகவே தெரியும். வந்து இரண்டு நாள் ஆன ஆர்டர்களை மட்டும் கணக்கில் எடுத்தால்தான் நேற்றையும் இன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.