லாபம் இருக்கிறது, சனிக்கிழமை சம்பளத்துக்குப் பணம் எங்கே?

திருப்பூரில் தினம் 1,000 டி-ஷர்ட் தயாரித்து, வெளியூர் மொத்த வியாபாரிகளுக்கு அனுப்பும் ஒரு சிறு யூனிட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு பீஸுக்கு நூல் 70 ரூபாய், கூலி 30, சாயப்பட்டறை, கரண்ட், வாடகை வகையறா 20. அடக்கம் 120 ரூபாய். விற்பது 140-க்கு. மாதம் 6 லட்சம் ரூபாய் லாபம். ஆனாலும் வார இறுதியில் கூலி கொடுக்க முதலாளி கைமாற்று தேடுகிறார் என்றால், எங்கோ பணம் முடங்கிக் கிடக்கிறது. அது எங்கே, எத்தனை நாள் கிடக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் நடைமுறை மூலதனக் கணக்கு.

குடோனில் 15 நாளுக்கான நூல் இருப்பு. தினம் 70,000 ரூபாய் நூல் என்றால், 10.5 லட்சம் அங்கே நிற்கிறது. அந்த நூல் நிட்டிங்குக்குப் போய்த் துணியாகி, சாயப்பட்டறைக்குப் போய்த் திரும்பி, கட்டிங், தையல், செக்கிங் முடிந்து பெட்டிக்குள் போக 20 நாள். இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நூலின் விலை முதல் நாளே முழுசாக உள்ளே போய்விடுகிறது. கூலியும் மற்ற செலவும் அப்படியல்ல. வேலை நகர நகரத்தான் ஏறும். பாதி வழியில் நிற்கும் சரக்கில் சராசரியாகப் பாதிச் செலவுதான் சேர்ந்திருக்கும். ஆகவே 70-உடன் 50-ல் பாதியான 25-ஐக் கூட்டி, பீஸுக்கு 95 ரூபாய். இருபது நாளுக்கு 19 லட்சம். தயாரான சரக்கு லாரி ஏற 10 நாள் காத்திருந்தால், அடக்க விலையில் 12 லட்சம்.

பெரிய தொகை இனிமேல்தான். வியாபாரிக்கு 60 நாள் கடன். பில் தொகைப்படி 84 லட்சம் வர வேண்டும். ஆனால் அதில் 12 லட்சம் லாபம்; அதற்காக முதலாளி கையிலிருந்து எதுவும் போகவில்லை. அவர் போட்ட பணம் 72 லட்சம்தான். இயந்திரத் தேய்மானத்தையும் இதே காரணத்துக்காகத்தான் அடக்கத்தில் சேர்க்காமல் விட்டோம். கையிருப்பாக 1.5 லட்சம் வைத்துக்கொண்டால், மொத்தம் 115 லட்சம்.

இதில் கொஞ்சத்தை மற்றவர்கள் சுமக்கிறார்கள். நூல் வியாபாரி 15 நாள் தவணை தருகிறார்: 10.5 லட்சம். சாயப்பட்டறைக்கும் மற்றவர்களுக்கும் மாதம் கழித்துப் பணம்: 6 லட்சம். தொழிலாளர்கூட ஒரு வகையில் கடன் கொடுப்பவர்தான். திங்கள் செய்த வேலைக்குச் சனிக்கிழமைதானே கூலி வாங்குகிறார்? சராசரியாக அரை வாரம், சுமார் 1 லட்சம். இவற்றைக் கழித்தால் ஏறக்குறைய 97.5 லட்சம் தேவை. எதிர்பாராததற்கென்று பத்து சதவீதம் கூட்டினால், 107 லட்சம்.

வங்கி இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பதில்லை. சிறு தொழில்களுக்கு நாயக் கமிட்டி சொன்ன சுருக்கு வழி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனம், அதில் 20 வங்கியுடையது, 5 முதலாளியுடையது. இந்த யூனிட்டின் விற்பனை ஆண்டுக்கு சுமார் 5 கோடி. அப்படியானால் 1.25 கோடி, போதும்போலத்தான் தெரிகிறது. ஆனால் 25 சதவீதம் என்றால் ஆண்டில் கால் பங்கு, அதாவது போட்ட பணம் மூன்று மாதத்தில் திரும்பும் என்ற கணிப்பு. நம் யூனிட்டின் நாட்களைக் கூட்டுங்கள்: 15, 20, 10, 60. மொத்தம் 105, நூல்காரர் தரும் 15 போனால் 90. சரியாகப் பொருந்தி நிற்கிறது.

வியாபாரி, “தீபாவளி முடியட்டும், தர்றேன்” என்று 60-ஐ 90 ஆக்கினால்? கூடுதல் முப்பது நாளுக்கு 36 லட்சம் வேண்டும். ஆறு மாத லாபம் அப்படியே பில்லில் உட்கார்ந்துவிடும். தேவை 133 லட்சத்தைத் தாண்டும். விற்பனை ஒரு ரூபாய்கூடக் கூடாததால் வங்கியின் சூத்திரம் மட்டும் அசையாது.

சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால், அந்தத் தொகையைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் வாங்கியவர் செலவாகக் காட்ட முடியும் என்று வருமான வரிச் சட்டத்திலும் திருத்தம் வந்திருக்கிறது. ஆனால் வாடிக்கையாளரை இழக்கத் துணிந்து இதை நீட்டுபவர்கள் குறைவு.

வாயால் பேசிய தவணையை நம்பிக் கணக்குப் போடுவதுதான் பெரிய பிழை. வர வேண்டிய பாக்கியை ஆண்டு விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்கினால், உண்மையான நாள் தெரிந்துவிடும். பேச்சு 60, கணக்கு 82 என்று வந்தால் 82-ஐத்தான் போட வேண்டும். அதோடு பாக்கிகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் 90 நாளைத் தாண்டிய பில்களைப் பல வங்கிகள் கணக்கில் எடுப்பதில்லை. பணம் அதிகம் தேவைப்படும் அதே மாதத்தில், எடுக்கக்கூடிய வரம்பும் குறையும்.