ஜூலை மாத நள்ளிரவில் எடுக்கும் அளவு

பிரிட்டனில் ஒரு நடுத்தர மருத்துவமனை. ஜூலை மாதம், இரவு 2 மணி. வார்டுகளில் ஹீட்டர்கள் அணைந்துவிட்டன. ஆனால் கொதிகலன் அறை ஓயவில்லை. லீஜியோனெல்லா கிருமி வளராமலிருக்க, தொட்டியில் உள்ள வெந்நீரை 60 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். குழாய்களில் சுற்றிவரும் நீரின் சூடும் குறையக் கூடாது. அந்த நேரத்தில் எவ்வளவு வெப்பம் செலவாகிறதோ, அதை வைத்துத்தான் அங்கே எவ்வளவு பெரிய மின் இயந்திரம் வைக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டும்.

இங்கே பேசுவது வெப்ப-மின் இணை உற்பத்தி நிலையத்தைப் பற்றி. எரிவாயுவில் ஓடும் என்ஜின் மின்சாரம் தரும். என்ஜினைக் குளிர்விக்கும் நீரிலும் புகையிலும் வீணாகப் போகும் சூட்டைப் பிடித்து வெந்நீருக்கும் அறைகளைச் சூடாக்கவும் பயன்படுத்துவார்கள். இந்த அளவுள்ள என்ஜின் ஒரு யூனிட் மின்சாரம் தரும்போது ஏறக்குறைய 1.2 யூனிட் வெப்பமும் தரும். வெப்பத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள இந்த விகிதம் என்ஜினோடு பிறந்தது. நினைத்தபடி மாற்ற முடியாது.

மருத்துவமனையின் விகிதமோ நாளுக்கு நாள், மணிக்கு மணி மாறுகிறது. ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். ஆண்டுக்கு 60 லட்சம் யூனிட் மின்சாரம், 90 லட்சம் யூனிட் வெப்பம் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 1.5. என்ஜினின் 1.2க்குப் பக்கத்தில்தானே இருக்கிறது என்று தோன்றும். இந்தச் சராசரியை நம்பித்தான் பலர் தவறுகிறார்கள். குளிர்காலப் பகலில் 3,000 கிலோவாட் வெப்பமும் 900 கிலோவாட் மின்சாரமும் தேவை. விகிதம் 3ஐத் தாண்டிவிடுகிறது. ஜூலை இரவில் வெப்பம் 350, மின்சாரம் 500. விகிதம் 0.7.

மின் தேவையின் உச்சத்தைப் பார்த்து 1,000 கிலோவாட் என்ஜின் வாங்கினால் என்ன ஆகும்? அது முழு வேகத்தில் ஓட 1,200 கிலோவாட் வெப்பத்தை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த அளவு தேவை ஆண்டில் 3,500 மணிநேரம்தான் இருக்கும் என்று கொள்வோம். அதிலும் குளிர்கால இரவுகளில் மின் தேவை 500ஆகச் சரிவதால், மிஞ்சும் மின்சாரத்தை மலிவாக வெளியே விற்க வேண்டும், அல்லது என்ஜினைப் பாதி வேகத்துக்கு இறக்க வேண்டும். முழுவதும் ஓடினாலும் ஆண்டுக்குக் கிடைப்பது 35 லட்சம் யூனிட்.

இப்போது 400 கிலோவாட் என்ஜினைப் பாருங்கள். வெப்பம் 480 கிலோவாட். ஆண்டின் 8,760 மணிநேரத்தில் பராமரிப்புக்கு ஒதுக்கியது போக ஏறக்குறைய 8,000 மணிநேரம் ஓடும். 32 லட்சம் யூனிட் கிடைக்கும். இரண்டரை மடங்கு பெரிய என்ஜின் தருவதற்குக் கிட்டத்தட்டச் சமம்! ஆண்டுக்கு 4,500 முதல் 5,000 மணிநேரமாவது ஓடாத என்ஜின் போட்ட பணத்தை எடுக்காது என்பது பிரிட்டன் பொறியாளர்களின் வழக்கமான அளவுகோல். சின்ன என்ஜின் அதை எளிதாகத் தாண்டுகிறது. குளிர்கால மிச்சத் தேவையைப் பழைய கொதிகலன்கள் பார்த்துக்கொள்ளும்.

ஜூலை இரவில் 130 கிலோவாட் வெப்பம் மிஞ்சுமே? அதற்கு 20,000 லிட்டர் வெந்நீர்த் தொட்டி ஒன்று போதும். நீரை 30 டிகிரி சூடேற்றினால் சுமார் 700 யூனிட் அதில் தங்கும். ஐந்து மணிநேர மிச்சத்துக்கு இடம் உண்டு. காலையில் குளியல் அறைகளில் குழாய்கள் திறக்கும்போது அது செலவாகிவிடும்.

கோடை கடுமையான ஊரில் வழி வேறு. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரில் உள்ள பாப்டிஸ்ட் மருத்துவமனை, விசையாழியின் வெப்பத்தைக் கொண்டே குளிர்நீர் தயாரிக்கும் உறிஞ்சுவகைக் குளிரூட்டிகளையும் வைத்திருந்தது. அங்கே வெயில் ஏற ஏற வெப்பத்துக்கும் வேலை கூடும். அதனால் பெரிய இயந்திரத்துக்கும் ஆண்டு முழுவதும் வேலை இருந்தது. 2005இல் கத்ரீனா புயல் மின்கம்பிகளை முடக்கியபோது, 50 மணிநேரத்துக்கும் மேல் வெளி மின்சாரமின்றி அது இயங்கியது.

கணக்கு பிசகும் இடங்கள் உண்டு. எரிவாயு பில்லில் உள்ள அளவை அப்படியே வெப்பத் தேவையாக எடுக்கக் கூடாது. கொதிகலனில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகியிருக்கலாம். கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் நீராவியையும் கழிக்க வேண்டும். என்ஜினைக் குளிர்வித்து வரும் 90 டிகிரி நீர் நீராவி தராது. திரும்பி வரும் நீர் போதுமான அளவு ஆறியிருக்காவிட்டால் என்ஜினின் சூட்டை அது வாங்காது. அப்போது கூரை மேல் இருக்கும் விசிறிகள் சுழன்று வெப்பத்தைக் காற்றில் தள்ளும், அல்லது என்ஜின் நின்றுவிடும்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு மீட்டர்கள் போதும். கட்டடத்துக்குள் போன வெப்பத்தை, உற்பத்தியான மின்சாரத்தால் மாதந்தோறும் வகுத்துப் பாருங்கள். 1.2 வர வேண்டிய இடத்தில் 0.7 வந்தால், விசிறிகள் இரவெல்லாம் சுற்றியிருக்கின்றன.