செவிலியர் வேலையும் தரவுப் பகுப்பாய்வு வேலையும்: ஒரே தராசில் நிறுப்பது எப்படி?

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவமனை ஒன்றில் பேச்சுப் பயிற்சியாளராக இருந்த பமேலா எண்டர்பி 1986இல் ஒரு வழக்குத் தொடுத்தார். பேச்சுப் பயிற்சியாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதே சுகாதாரத் துறையில் மருந்தாளர்களும் மருத்துவ உளவியலாளர்களும் இவர்களைவிடக் கூடுதல் சம்பளம் வாங்கினார்கள். இந்த வேலைகள் மதிப்பில் சமம் என்றால் சம்பளம் ஏன் சமமாக இல்லை என்பதே அவர் கேட்ட கேள்வி. அந்தந்தப் பிரிவினர் தனித்தனியாகப் பேச்சுவார்த்தை நடத்திச் சம்பளம் முடிவு செய்தார்கள் என்ற காரணம் மட்டும் போதாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது.

வெவ்வேறு துறை வேலைகளை ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் அங்கிருந்து வலுத்தது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். 2004இல் அப்படி ஓர் அளவுகோலை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மருத்துவர்களும் உயர்நிலை நிர்வாகிகளும் தவிர, துப்புரவாளர் முதல் ஆய்வக நிபுணர் வரை ஏறக்குறைய எல்லா வேலைகளும் இதற்குள் வரும். ஒவ்வொரு வேலையும் 16 கூறுகளில் அளக்கப்படுகிறது. தேவைப்படும் அறிவு, பகுத்தாயும் திறன், நோயாளிப் பராமரிப்பு, தகவல்களைக் கையாளும் பொறுப்பு, மனச்சுமை, பணிச்சூழல் என்று கூறுகள் நீள்கின்றன. ஒவ்வொரு கூறிலும் சில நிலைகள், ஒவ்வொரு நிலைக்கும் மதிப்பெண். கூட்டுத்தொகையை வைத்துச் சம்பளத் தரம் முடிவாகும். அந்தத் தரத்தை அங்கே ‘பேண்ட்’ என்பார்கள். உதாரணமாக, 326 முதல் 395 வரை பெற்ற வேலை பேண்ட் 5.

அளவுகோல் ஒன்றுதான். ஆனால் அளந்த விவரங்கள் நூற்றுக்கணக்கான கோப்புகளில் சிதறிக் கிடக்கும். இரண்டு துறைகளை ஒப்பிட வேண்டுமென்றால் அவற்றைத் தேடி எடுத்து ஓர் அட்டவணையில் சேர்க்க வேண்டும். ஒரு வேலைக்குப் பொதுவாக மூன்று ஆவணங்கள் இருக்கும். என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்வது பணி விவரம். விண்ணப்பிப்பவரிடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்று சொல்வது தகுதிக் குறிப்பு. மதிப்பீட்டுக் குழு ஒவ்வொரு கூறுக்கும் என்ன நிலை கொடுத்தது, ஏன் கொடுத்தது என்று பதிவு செய்வது மதிப்பீட்டு அறிக்கை. முதல் வேலை, இந்த மூன்றும் ஒரே காலத்தவையா என்று தேதியைப் பார்ப்பது. சென்ற ஆண்டு திருத்திய பணி விவரத்தையும் பத்து ஆண்டுக்கு முந்தைய மதிப்பீட்டையும் ஒரே வரிசையில் எழுதினால், இரண்டு வெவ்வேறு வேலைகளை ஒன்றாகக் கட்டியதாகிவிடும்.

அடுத்த சிக்கல் எண்கள். புதிதாகப் பட்டம் பெற்ற செவிலியரின் சம்பளத் தரம் பேண்ட் 5. அவர் வேலைக்குத் தேவையான அறிவுக்குக் கிடைக்கும் நிலையும் 5தான். ஆனால் அவருடைய இளநிலைப் பட்டம் இங்கிலாந்தின் கல்வித்தகுதி ஏணியில் 6ஆம் படியில் இருக்கிறது. மூன்றும் தனித்தனி ஏணிகள். ‘நிலை 5’ என்று மட்டும் அட்டவணையில் எழுதினால் எந்த ஏணியின் ஐந்து என்று பிறகு யாருக்கும் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி வேண்டும்.

இப்போது விளக்கத்துக்காக நான் அமைத்த இரண்டு வேலைகளைப் பார்ப்போம். ஒன்று வார்டு செவிலியர், கூட்டுத்தொகை 365. மற்றொன்று தகவல் பிரிவில் தரவுப் பகுப்பாய்வாளர், கூட்டுத்தொகை 336. இரண்டும் பேண்ட் 5. அறிவுக்கு இரண்டுக்கும் நிலை 5, அதாவது 120 மதிப்பெண். மற்ற கூறுகளில் வேலைகளின் முகம் மாறுகிறது. நோயாளிப் பராமரிப்பில் செவிலியருக்கு 30, பகுப்பாய்வாளருக்கு 4. தகவல் பொறுப்பில் செவிலியருக்கு 4, பகுப்பாய்வாளருக்கு 34. ஒரே சம்பளத் தரம் என்பதால் இரண்டு வேலைகளும் ஒரே மாதிரி என்று யாரும் சொல்லிவிட முடியாது. வெவ்வேறு பாரங்கள் சேர்ந்து ஒரே எல்லைக்குள் வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

தகுதிக் குறிப்புகளைத் திறந்தால் இரண்டிலும் ‘பட்டம்’ என்று இருக்கும். அட்டவணையில் இரண்டு இடத்திலும் ‘பட்டம்’ என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் பகுப்பாய்வாளருக்கான வாக்கியம் ‘பட்டம் அல்லது அதற்கு ஈடான அனுபவம்’ என்று முடிகிறது. செவிலியருக்கு அந்த மாற்றுவழி இல்லை. செவிலியர் மன்றத்தில் பதிவு இருந்தே ஆக வேண்டும், அது சட்டம். ‘அல்லது’ என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால், அனுபவத்தால் மேலே வந்தவருக்கு வாசலை அடைத்தவர்களாவோம். அதே போல ‘கட்டாயம்’ என்ற தலைப்பின் கீழ் இருப்பதையும் ‘இருந்தால் நல்லது’ என்பதன் கீழ் இருப்பதையும் கலக்கக் கூடாது. ஆவணத்தில் ஒரு தகுதியைப் பற்றிப் பேச்சே இல்லையென்றால் ‘தேவையில்லை’ என்று எழுதாமல் ‘குறிப்பிடப்படவில்லை’ என்றே எழுத வேண்டும்.

இந்தக் கவனம் எவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்கே காட்டும். ‘ஈடான அனுபவம்’ என்ற சொற்களைப் பார்த்துவிட்டு, இது டிப்ளமோ அளவு அறிவுதான் என்று ஒருவர் நிலை 4 கொடுக்கிறார் என்று வையுங்கள். 120க்குப் பதில் 88; வித்தியாசம் 32. பகுப்பாய்வாளரின் 336 என்பது 304 ஆகி, வேலை பேண்ட் 4க்கு இறங்கிவிடும். செவிலியர் வேலையில் அதே பிழை நேர்ந்தால் 365 என்பது 333 ஆகும். பேண்ட் 5 அப்படியே இருக்கும். அதனால் பேண்டை மட்டும் எடுத்து வைக்காமல் மதிப்பெண்ணையும் எடுக்க வேண்டும். எல்லைக்கு அருகில் நிற்கும் வேலைகளைத்தான் முதலில் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

திறன்களை எடுப்பதுதான் மிகக் கடினம். ‘சிறந்த தொடர்புத் திறன்’ என்ற சொற்றொடர் எல்லாத் தகுதிக் குறிப்பிலும் இருக்கும். அதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. யாரிடம், எதைப் பற்றி, எந்தத் தடையை மீறிப் பேச வேண்டும் என்பதைப் பணி விவரத்திலிருந்து எடுக்க வேண்டும். வழக்கமான விவரத்தைப் பக்குவமாகச் சொல்வது நிலை 3. நோயைப் பற்றிய சிக்கலான, மனத்தைத் தொடும் செய்தியை ஆறுதலோடு எடுத்துச் சொல்வது நிலை 4. அடைமொழி நிலையைத் தராது. செய்யும் வேலைதான் தரும்.

எடுத்த விவரம் சரிதானா என்று அறிய எளிய வழி உண்டு. ஆவணத்தின் வாக்கியத்தை அப்படியே ஒரு பத்தியிலும், நாம் கொடுத்த பொருளை அடுத்த பத்தியிலும் எழுதி, பக்க எண்ணையும் சேர்க்க வேண்டும். ஒரே கோப்புகளை இருவர் தனித்தனியாகப் படித்து எடுத்துப் பிறகு ஒத்துப் பார்க்க வேண்டும். இருவரும் மாறுபடும் இடங்களில் பெரும்பாலும் மூல ஆவணமே தெளிவில்லாமல் இருக்கும். அதை அந்தத் துறையிடம் கேட்டுத் தெளிய வேண்டும், ஊகித்து நிரப்பக் கூடாது.

எவ்வளவு நேர்த்தியாக எடுத்தாலும் ஓர் எல்லை உண்டு. இந்த அட்டவணை வேலையை அளக்கிறது, வேலை செய்பவரை அல்ல. முனைவர் பட்டம் பெற்றவர் அந்த இருக்கையில் அமர்ந்தாலும் வேலையின் மதிப்பெண் கூடாது. காகிதத்தில் இல்லாத கடமைகளை ஒருவர் தினமும் செய்துவந்தால், அவையும் அட்டவணையில் வராது. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்று அங்கே பணிபுரியும் நம்மவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பொறுப்பு கணிசமாகக் கூடியிருந்தால் மறுமதிப்பீடு கேட்க வழி இருக்கிறது. கேட்கும் முன், உங்கள் பணி விவரம் நீங்கள் இன்று செய்யும் வேலையைத்தான் சொல்கிறதா என்று வரிவரியாகப் படித்துப் பாருங்கள். சொல்லவில்லையென்றால் முதலில் அதைத் திருத்தச் சொல்லுங்கள்.