ஆங்கிலத்தில் ‘என்ன விசேஷம்?’ என்று கேட்டால்

டல்லஸில் ஓர் அலுவலகம். சென்னையிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகாத மென்பொருள் பொறியாளர் ஒருவர், கையில் காபிக் கோப்பையோடு நடைபாதையில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே வரும் சக ஊழியர் முகம் மலர்ந்து, ஆனால் நடையை நிறுத்தாமல், ‘ஹே, வாட்ஸ் அப்?’ என்கிறார். நம்மவர் நின்றுவிடுகிறார். கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் போவது மரியாதையா? ‘நேத்து ராத்திரி டேட்டாபேஸ் மாத்தினோம், அதுல ஒரு பிரச்சினை…’ என்று ஆங்கிலத்தில் தொடங்கி நிமிர்ந்து பார்த்தால், கேட்டவர் நாலு அடி தாண்டிப் போயிருக்கிறார். கேட்டுவிட்டுக் காதில் வாங்காமல் போகிறாரே என்று இவருக்கு மனம் சுருங்குகிறது. அங்கே அவரோ, ஏதாவது முக்கியமான விஷயம் சொல்ல வந்தாரோ, நாம் நிற்காமல் வந்துவிட்டோமோ என்று குழம்புகிறார்.

இதே பொறியாளர் சொந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது தெரிந்தவர் ஒருவர் ‘என்னப்பா, என்ன விசேஷம்?’ என்று கேட்டால் தடுமாறவே மாட்டார். ‘ஒண்ணும் விசேஷமில்லண்ணே, நீங்க எப்படி இருக்கீங்க?’ என்று வாய் தானாகச் சொல்லிவிடும். வீட்டில் கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லை என்ற தகவலையா அவர் தருகிறார்? இல்லை. உங்களைப் பார்த்தேன், நமக்குள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறார். யாழ்ப்பாணத்தில் இதையே ‘என்ன புதினம்?’ என்பார்கள். ‘வாட்ஸ் அப்?’ என்பதும் இந்தக் குடும்பத்துக் கேள்விதான். அதற்கு ஆங்கிலத்தில் வழக்கமான பதில் ‘நாட் மச்’. பெரிதாக ஒன்றுமில்லை என்று பொருள். ஏறக்குறைய நம் ‘ஒண்ணும் விசேஷமில்லை’யேதான்.

இந்த வகைப் பேச்சுக்கு ஒரு பெயர் வைத்தவர் போலந்துக்காரரான மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி. நியூகினியை ஒட்டிய டுரோபிரியண்ட் தீவுகளில் மக்களோடு வாழ்ந்து பார்த்த அவர், 1923-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், செய்தி சொல்வதற்காக அல்லாமல் மனிதர்களுக்கு இடையே கட்டு உண்டாக்குவதற்காகவே பேசப்படும் பேச்சு எல்லா மக்களிடமும் இருக்கிறது என்று காட்டினார். நலம் விசாரிப்பதும் வானிலை பற்றிப் பேசுவதும் அவர் தந்த உதாரணங்களில் உண்டு.

ஆனால் தகவல் கேட்காத கேள்வி என்பதற்காக எந்தப் பதிலும் பொருந்திவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆங்கிலக் குசல விசாரிப்புகளில் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. ‘வாட்’ என்று தொடங்குபவை ஒன்று: வாட்ஸ் அப், வாட்ஸ் நியூ, வாட்ஸ் கோயிங் ஆன். இவை ‘என்ன நடக்கிறது’ என்று கேட்பவை. ஆகவே ‘நாட் மச்’, ‘நத்திங் மச்’ என்ற பதில்கள் பொருந்தும். ‘ஹௌ’ என்று தொடங்குபவை மற்றொன்று: ஹௌ ஆர் யூ, ஹௌஸ் இட் கோயிங். இவை ‘எப்படி’ என்று கேட்பவை. இவற்றுக்கு ‘குட்’, ‘ஃபைன்’ என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் ‘ஹௌ ஆர் யூ’வுக்கு ‘ஐ ஆம் ஃபைன்’ என்று மனப்பாடம் செய்தவர்கள் ‘வாட்ஸ் அப்’புக்கும் அதையே சொல்லிவிடுவதுண்டு. அது பெரிய பிழையில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அவசரத்தில் ‘குட்’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் ‘ஹௌ ஆர் யூ’வுக்கு ‘நாட் மச்’ என்றால் கேட்பவர் ஒரு கணம் விழிப்பார்.

பதில் எவ்வளவு நீளம் என்பதைக் கேட்டவரின் கால்கள் சொல்லிவிடும். அவர் நடந்துகொண்டே கேட்டால் ‘ஹே’ என்றோ, அதே ‘வாட்ஸ் அப்’பைத் திருப்பிச் சொல்லியோ போய்விடலாம். கேள்விக்கு அதே கேள்வி பதிலாவது நமக்கு விநோதமாகப் படும். ஆனால் ஆங்கிலத்தில் இது பழைய வழக்கம். முந்தைய தலைமுறை ஆங்கிலேயர்கள் ‘ஹௌ டு யூ டு’ என்று கை குலுக்கினால், எதிரே இருப்பவரும் ‘ஹௌ டு யூ டு’ என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டவர் நின்றுவிட்டால், மேசையில் சாய்ந்துகொண்டால், கதை வேறு. அப்போது ‘நாட் மச்’சோடு, கண்முன் இருக்கும் சின்ன விஷயம் ஒன்றைச் சேர்த்து, கேள்வியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்: ‘நாட் மச், ஜஸ்ட் கெட்டிங் சம் காபி. யூ?’ அந்தக் கடைசி ‘யூ?’வை விட்டுவிட்டால் பேச்சு மொட்டையாக நிற்கும்.

இனி, பலரும் உண்மையிலேயே தடுக்கி விழும் இடம். அதே ‘வாட்ஸ் அப்?’ சில நேரம் அசல் கேள்வியாகிவிடும். நம் பொறியாளர் சக ஊழியரின் மேசைக்குப் போய் ‘காட் எ மினிட்?’ என்கிறார். அவர் திரையிலிருந்து தலையைத் தூக்கி ‘ஷ்யூர், வாட்ஸ் அப்?’ என்கிறார். இங்கே ‘நாட் மச்’ என்றால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இந்த ‘வாட்ஸ் அப்’புக்கு ‘சொல்லுங்க, என்ன விஷயமா வந்தீங்க?’ என்று பொருள்.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? யார் முதலில் கூப்பிட்டது என்று பார்த்தால் போதும். அமெரிக்கச் சமூகவியலாளர் இமானுவேல் ஷெக்லோஃப், காவல்துறையின் தொலைபேசி அழைப்புகளின் ஒலிப்பதிவுகளில் சுமார் 500 தொடக்கங்களை ஆராய்ந்து 1968-இல் ஒரு கட்டுரை எழுதினார். எடுத்தவர்தான் முதலில் பேசுகிறார் என்ற ஒழுங்கு ஒரே ஓர் அழைப்பில் மட்டும் பொருந்தவில்லை. எடுத்தவர் பேசாமல் இருக்க, அழைத்தவரே ‘ஹலோ’ என்றார். அந்த ஒன்றையும் ஒதுக்கிவிடாமல் யோசித்தபோதுதான் ஷெக்லோஃபுக்கு விடை கிடைத்தது. மணி அடிப்பது ஒரு கூப்பிடுதல். எடுத்தவரின் முதல் சொல், கூப்பிட்டதற்கு ‘ஏன்’ என்று கொடுக்கும் குரல். அந்தக் குரல் வராததால் அழைத்தவர் மறுபடி கூப்பிட்டார், அவ்வளவுதான். கூப்பிட்டவருக்குக் குரல் கிடைத்துவிட்டால், ஏன் கூப்பிட்டோம் என்று சொல்லும் கடமை அவருடையது.

இதை அலுவலக அரட்டைப் பெட்டியில் தினமும் பார்க்கலாம். ஒருவர் வெறும் ‘ஹாய்’ மட்டும் அனுப்புகிறார். அந்தப் பக்கத்திலிருந்து ‘ஹே, வாட்ஸ் அப்?’ என்று வருகிறது. இவர் குசலம் விசாரிக்கிறார் என்று நினைத்து ‘ஆல் குட், ஹௌ ஆர் யூ?’ என்று அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார். அவரும் விஷயத்துக்காகக் காத்திருக்கிறார். கூப்பிட்டது நாம் என்பதால் அந்த ‘வாட்ஸ் அப்’புக்கு நேராக விஷயத்தைத்தான் எழுத வேண்டும். 2009-இல் தொடங்கிய வாட்ஸ்அப் செயலிக்கே இந்தக் கேள்வியின் ஒலியை வைத்துத்தான் பெயர் சூட்டினார்கள்.

‘லாங் டைம் நோ சீ’ கேள்வியே இல்லை. ஆங்கில இலக்கணத்துக்கும் அது அடங்காது. எழுவாயும் கிடையாது, ஒழுங்கான வினைமுற்றும் கிடையாது. 1900-ஐ ஒட்டி அமெரிக்காவில் வெளியான நூல்களில், ஆங்கிலம் அரைகுறையாகப் பேசும் பூர்வகுடி மக்களின் வாயில் வைத்து இது அச்சாகியிருக்கிறது. சீனத்தில் ‘ஹாவ் ஜியூ பூ ஜியன்’ என்ற வாழ்த்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இதே தொடர் கிடைக்கும். அதனால் சீனத் துறைமுக வணிகப் பேச்சிலிருந்து வந்தது என்போரும் உண்டு. எந்த வழியாக வந்திருந்தாலும், ஆங்கிலம் சரியாகத் தெரியாதவர் பேச்சு என்று கருதப்பட்ட ஒன்று இன்று எல்லார் வாயிலும் புழங்குகிறது.

இதற்குப் பதில் சொல்லும்போது நம் பழக்கமே நமக்குக் குறுக்கே வரும். ‘ரொம்ப நாளா ஆளையே காணோமே!’ என்று நம் பக்கத்து மாமா கேட்டால் அதில் பாசமும் உண்டு, செல்லமான ஒரு குற்றச்சாட்டும் உண்டு. ஆகவே நாம் சமாதானம் சொல்கிறோம்: ‘வேலை ஜாஸ்தி மாமா, வரணும்னுதான் நெனச்சுட்டே இருந்தேன்.’ இதையே ஆங்கிலத்துக்கு எடுத்துப்போய் ‘சாரி, ஐ வாஸ் வெரி பிஸி’ என்றால் சுவை மாறிவிடும். ‘லாங் டைம் நோ சீ’யில் பொதுவாகக் குற்றச்சாட்டு இல்லை. நாம் இருவருமே சந்தித்து வெகுநாளாகிவிட்டது என்ற மகிழ்ச்சிதான் இருக்கிறது. மன்னிப்புக் கேட்டால், வேண்டுமென்றே ஒதுங்கியிருந்தீர்களோ என்ற எண்ணத்தை நீங்களே உண்டாக்குகிறீர்கள். முதலில் ஆமோதிக்க வேண்டும்: ‘ஐ நோ, இட்ஸ் பீன் ஏஜஸ்!’ பிறகு கேட்க வேண்டும்: ‘ஹௌ ஹேவ் யூ பீன்?’

அந்த ‘ஹேவ் யூ பீன்’ முக்கியம். ‘ஹௌ ஆர் யூ’ இந்த நிமிடத்தைக் கேட்கிறது. ‘ஹௌ ஹேவ் யூ பீன்’ பார்க்காமல் போன காலம் முழுவதையும் கேட்கிறது. அதனால் பதிலும் ‘ஐவ் பீன் குட்’ என்று அந்தக் காலத்தை மூட வேண்டும். கூடவே இடையில் நடந்த ஒரே ஒரு மாற்றத்தைச் சொன்னால் போதும்: வீடு மாறியது, மகள் கல்லூரியில் சேர்ந்தது. ஒன்று சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு அவர் பேசுவார். ஐந்து சொன்னால் எதைப் பிடிப்பது என்று திணறுவார். தொலைபேசியில் ‘லாங் டைம் நோ சீ’ பொருந்தாது, ஏனென்றால் இப்போதும் பார்க்கவில்லையே. ‘லாங் டைம் நோ டாக்’ என்பார்கள். மேலதிகாரியிடமோ வாடிக்கையாளரிடமோ ‘குட் டு சீ யூ அகெய்ன்’ பத்திரமானது.

மனம் சரியில்லாத நாளில் என்ன சொல்வது? ஹார்வி ஸாக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1975-இல் வெளியான கட்டுரையில் இதை எடுத்துக்கொண்டார். ‘ஃபைன்’ என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. ‘மோசம்’ என்றால் கேட்டவர் ‘ஏன்?’ என்று கேட்டே ஆக வேண்டும். எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொல்ல முடியாது என்பதால் எல்லாரும் ‘ஃபைன்’ என்று பொய் சொல்ல வேண்டியிருக்கிறது என்றார் அவர். அவரோடு பணியாற்றிய கெயில் ஜெஃபர்சன் 1980-இல் இன்னும் நுணுக்கமான ஒன்றைக் காட்டினார். ‘ஃபைன்’ என்று சொல்லாமல் ஒரு படி இறங்கி ‘ப்ரெட்டி குட்’ என்று சொல்பவர்களில் சிலர், சற்று நேரம் கழித்து ஒரு கஷ்டத்தைச் சொல்லத் தொடங்குகிறார்கள். பொய்யும் இல்லை, புலம்பலும் இல்லை; கேட்க மனமிருப்பவருக்குக் கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கிறார்கள்.

டல்லஸ் நடைபாதைக்கே திரும்பலாம். சில மாதம் கழித்து ஒரு காலை. ஊரில் அப்பா மருத்துவமனையில் இருக்கிறார். பொறியாளர் ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. அதே சக ஊழியர் எதிரே நடந்து வந்து ‘ஹே, வாட்ஸ் அப்?’ என்கிறார். ‘நாட் மச்’ வாயில் வரவில்லை. ‘ஹேங்கிங் இன் தேர்’ என்கிறார், எப்படியோ ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்ற பொருளில். இரண்டடி தாண்டியவரின் கால்கள் நிற்கின்றன. திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, மறுபடியும் கேட்கிறார்: ‘வாட்ஸ் அப்?’ இந்த முறை அவர் பதிலுக்காக நிற்கிறார்.