தொண்ணூறு என்று சொன்னால் தொண்ணூறு பலிக்கிறதா?

“நாளை மழைக்கு 70 சதவீதம் வாய்ப்பு” என்றார்கள். ஒரு தூறல்கூட இல்லை. கணிப்பு பொய்யா? ஒரு நாளை வைத்து அதைச் சொல்லிவிட முடியாது. 70 என்று சொன்ன நாட்களையெல்லாம் திரட்டிப் பார்க்க வேண்டும். அவற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய எழுபது நாள் மழை பெய்திருந்தால் சொன்னவர் அளந்து பேசுகிறவர். இந்தப் பொருத்தத்துக்குத்தான் கேலிபரேஷன் என்று பெயர்.

படத்தைப் பார்த்து இன்னது என்று சொல்லும் கணினி மாடலையும் இப்படியே சோதிக்கலாம். அது பயிற்சியில் பார்த்திராத 1,000 படங்களைக் கொடுத்து, பதில்களை அதன் நம்பிக்கையின்படி பிரித்து வைப்போம். 90-க்கு மேல் என்று சொன்ன கூடையில் 200 படங்கள். அவற்றின் சராசரி நம்பிக்கை 95. எண்ணிப் பார்த்தால் சரியானவை 150தான், அதாவது 75 சதவீதம். ஒவ்வொரு கூடைக்கும் சொன்னதைக் கிடையாகவும் பலித்ததை நெடுக்காகவும் வைத்துப் புள்ளியிட்டு இணைத்தால் வருவதே நம்பகத்தன்மை வளைகோடு. சொன்னதும் பலித்ததும் ஒன்றானால் புள்ளிகள் மூலைவிட்டத்தில் விழும். நம் புள்ளி அதற்கு 20 படி கீழே கிடக்கிறது. மாடலுக்குத் தன் மேல் நம்பிக்கை அதிகம்.

ஏன் இப்படி ஆகிறது? 2017-இல் சுவான் குவோவும் மூன்று சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கியது. 1990-களின் சிறிய லெநெட் மாடல் சொன்னதும் பலித்ததும் பெரும்பாலும் ஒத்துப்போயின. பல மடங்கு பெரிய ரெஸ்நெட் கூடுதலாகச் சரியான விடை தந்தது, ஆனால் அதையும் மிஞ்சிய நம்பிக்கையோடு பேசியது. பயிற்சியின்போது விடை சரியாகிவிட்டாலும் தண்டனைக் கணக்கு நின்றுவிடுவதில்லை. 90 என்றால் 99 சொல், 99 என்றால் இன்னும் மேலே போ என்று தள்ளிக்கொண்டே இருக்கும். கொள்ளளவு பெரிதான மாடல் பயிற்சிப் படங்களில் அதைச் சாதித்துவிடுகிறது. அதே துணிச்சலைப் புதிய படங்களிலும் காட்டுகிறது.

அவர்கள் பரிந்துரைத்த மருந்து வியக்க வைக்கும் அளவுக்கு எளிது. மாடல் ஒவ்வொரு விடைக்கும் முதலில் ஒரு மதிப்பெண் போடும். அதுதான் பிறகு சதவீதமாக மாறும். பூனை 6, நாய் 2, முயல் 1 என்றால் பூனைக்கு 97.6 சதவீதம். மதிப்பெண்களை 2-ஆல் வகுத்துவிட்டு மாற்றினால் பூனைக்கு 82 சதவீதம். முதலிடம் பூனைக்கேதான், ஆகவே சரி தவறு எண்ணிக்கை மாறுவதில்லை. பேச்சின் சூடு மட்டும் தணிகிறது. அந்த வகுக்கும் எண்ணுக்கு ‘வெப்பநிலை’ என்றே பெயர். எந்த எண் பொருந்தும் என்பதைத் தனியே ஒதுக்கி வைத்த படங்களைக் கொண்டு கண்டுபிடிக்கிறார்கள்.

வளைகோட்டை நம்புமுன் கூடைக்குள் எத்தனை படங்கள் என்று கேளுங்கள். பத்தே படங்கள் உள்ள கூடையில் ஒன்று தவறினாலே புள்ளி பத்துப் படி இறங்கும். அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. பகல் வெளிச்சத்துப் படங்களில் பார்த்துப் பொருத்திய வெப்பநிலை, இரவில் எடுத்த மங்கல் படங்களுக்கும் பொருந்தும் என்பதற்கு உறுதி இல்லை. தவறுகள் பெருகும்போதும் மாடல் பழைய 95-ஐயே சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். அந்த இரவுப் படங்களுக்கும் சரியான விடையைக் கையால் குறித்து, வளைகோட்டைப் புதிதாக வரைந்தால்தான் அது வெளியே தெரியும்.